எழுவாய் இல்லாத வாக்கியத்தில் குளிசை போட்டது யார்?

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மூட்டு வாதத்தைப் பற்றியோ சொல்லுவா என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். விழாக் குழுவினரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் இலக்கணம் பேசப் போகிறேன் என்றதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஆனால் இதுவும் என் தொழிலோடு சேர்ந்த விடயம்தான். மெல்பேணில் நான் வேலை செய்யும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் சீன மொழி பேசும் முதியவர்கள். அவர்களுக்காக இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய் மந்தரின் படித்தேன். நன்றாகப் பேச வராது. கேட்டால் பாதி விளங்கும். அந்தப் பாதியை வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

எங்கள் பாடசாலைத் தமிழ்ப் பாடத்திலிருந்து தொடங்குவோம். வாக்கியத்தைத் தந்தால் முதலில் பயனிலையைப் பிடி, பிறகு அதனிடம் யார், எது என்று கேள், வருகிற விடை எழுவாய். இப்படித்தானே படித்தோம்? "நேற்று ஊருக்குப் போனேன்" என்ற வாக்கியத்தில் எழுவாயைக் காணவில்லை என்று கை உயர்த்தினால், அது தோன்றா எழுவாய், "போனேன்" என்பதன் விகுதியைப் பார், "நான்" அங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லித் தந்தார்கள். தமிழில் எழுவாயை விட்டுவிடலாம். வினைமுற்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். போனேன், போனாய், போனாள், போனார்கள் என்று ஒவ்வொன்றும் தன் ஆளைச் சுமந்துகொண்டு வருகிறது.

இந்த முறையைக் கொண்டுபோய்ச் சீன மொழியில் வைத்தால் முதல் நாளே தடுமாறும். காரணம் இரண்டு. சீன வினைச்சொல் ஆளைக் காட்டாது. "ச்சி லெ" என்றால் சாப்பிட்டாயிற்று. சாப்பிட்டது நானா, நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதற்கு அந்தச் சொல்லில் ஒரு அடையாளமும் இல்லை. இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. சீன வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் சொல் செயலைச் செய்தவரைத்தான் குறிக்கவேண்டும் என்றில்லை. எதைப் பற்றிப் பேசப் போகிறோமோ அது முதலில் வைக்கப்படும். அதன் பிறகு அதைப் பற்றிச் சொல்ல இருப்பது வரும். முன்னதைப் பேசுபொருள் என்று வைத்துக்கொள்வோம்.

யுவென் ரென் சாவ் என்ற சீன மொழியியலாளர் 1968இல் வெளியிட்ட பேச்சுச் சீன இலக்கண நூலில், சீன மொழியின் எழுவாய், பயனிலை என்பவற்றைச் செய்பவர், செயல் என்று பார்ப்பதைவிடப் பேசுபொருள், அதைப் பற்றிய கூற்று என்று பார்ப்பதே பொருந்தும் என்று எழுதினார். 1976இல் சார்ள்ஸ் லீ, சன்ட்ரா தொம்ப்சன் என்ற இருவர் இதை உலக மொழிகளுக்கு விரித்தார்கள். சில மொழிகள் வாக்கியத்தை எழுவாயைச் சுற்றிக் கட்டுகின்றன, ஆங்கிலம் அப்படி. சில பேசுபொருளைச் சுற்றிக் கட்டுகின்றன, சீனம் அப்படி. யப்பானியமும் கொரிய மொழியும் இரண்டையும் வைத்திருக்கின்றன. இதுதான் அவர்கள் போட்ட பிரிப்பு.

அவர்கள் காட்டிய ஒரு சீன உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படி வரும்: "அந்த நெருப்பு, நல்ல காலம் தீயணைப்புப் படை கெதியாய் வந்தது." வந்தது யார்? தீயணைப்புப் படை. அப்படியானால் முன்னால் நிற்கும் நெருப்பு என்ன செய்கிறது? அது வரவும் இல்லை, எவரும் அதைக் கொண்டு வரவும் இல்லை. "வந்தது" என்ற வினையோடு அதற்கு ஒரு உறவும் கிடையாது. நாங்கள் இப்போது பேசுவது அந்த நெருப்பைப் பற்றி என்று அறிவிக்கத்தான் அது அங்கே நிற்கிறது. சீனத்தில் இது குறை சொல்ல முடியாத வாக்கியம். எங்கள் வகுப்பில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் கீறியிருப்பார்கள். ஆனால் வீட்டில் நாங்களும் இப்படித்தான் பேசுகிறோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

யப்பானியத்தில் இதற்கென்று ஒரு இடைச்சொல்லே இருக்கிறது. பேசுபொருளுக்குப் பின்னால் "வா" வரும், எழுவாய்க்குப் பின்னால் "கா" வரும். "ஸோ வா ஹனா கா நகாய்." யானை என்றால், மூக்கு நீளம். மிக்காமி அக்கிரா என்ற யப்பானிய இலக்கண ஆய்வாளர் 1960இல் எழுதிய புத்தகத்துக்கு இந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்தார். நீளமாய் இருப்பது மூக்கு, ஆனால் பேச்சு யானையைப் பற்றியது. இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

இன்னொரு யப்பானிய வாக்கியம் மொழியியல் வகுப்புகளில் பெயர்பெற்றது: "பொக்கு வா உனகி தா." சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நான் விலாங்கு மீன்" என்று வரும். பாவம், இந்த மனிதர் தன்னை மீன் என்கிறாரே என்று சிரிக்க வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார். என்னைப் பற்றியென்றால் விலாங்கு மீன், அதாவது எனக்கு அதைக் கொண்டு வாருங்கள் என்கிறார். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் தட்டுகளோடு வருகிறவர் "தோசை ஆர்?" என்று கேட்கிறார். "தோசை நான், இடியப்பம் அவ" என்று நாங்களும் கூசாமல் சொல்கிறோம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சீன மொழி பேசுகிற நோயாளி தலையிடியைச் சொல்லும் விதம் இது: "வோ தோவ் தெங்." வோ என்றால் நான், தோவ் தலை, தெங் நோ. நான், தலை நோ. முதலில் இதை "என்னுடைய தலை நோகிறது" என்றுதான் விளங்கிக்கொண்டேன். "என்னுடைய" என்ற உருபை விட்டுவிட்டுச் சுருக்கிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆசிரியை ஒரு சோதனை காட்டினா. இடையில் ஒரு நாட்சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொன்னா. "வோ ஜின்தியென் தோவ் தெங்", நான், இன்றைக்கு, தலை நோ. வாக்கியம் அப்படியே நிற்கிறது. "என்னுடைய" என்பதற்கும் "தலை" என்பதற்கும் நடுவில் "இன்றைக்கு" என்ற சொல்லைச் செருகினால் நிற்குமா? நிற்காது. ஆகவே "நான்" தலையோடு ஒட்டியிருக்கவில்லை. அது தனியாக நின்று முழு வாக்கியத்துக்கும் தலைமை தாங்குகிறது.

அதனால்தான் அந்த ஒரு "நான்" பின்னால் வருகிற பல வாக்கியங்களையும் தாங்கிக்கொள்ளும். "வோ தோவ் பூ தெங், துட்ஸு தெங்." நான், தலை நோவில்லை, வயிறு நோ. நோயாளி தன்னை ஒரு தரம் முன்னால் வைத்துவிட்டுத் தலை, வயிறு, கால், நித்திரை, பசி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம். எங்கள் அம்மம்மாமார் "எனக்குத் தலையிடியும் இல்லை, வயித்துக்குள்ளதான் நோகுது, நித்திரையும் இல்லை" என்று சொல்லும்போது அந்த முதல் "எனக்கு" செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். நோவது வயிறு, பேச்சு அம்மம்மாவைப் பற்றியது.

லீயும் தொம்ப்சனும் காட்டிய இன்னொரு வாக்கியத்தையும் சொல்லவேண்டும், பின்னால் வரும் கதைக்கு அதுதான் திறப்பு. "நெய் கெ ஷூ, யெட்ஸு தா, சோயீ வோ பூ ஷிஹுவான்." அந்த மரம், இலை பெரிசு, ஆகையால் எனக்குப் பிடிக்காது. எது பிடிக்காது? சீனத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, ஒரு சொல்லும் இல்லை. கேட்கிற சீனர் அங்கே மரத்தைத்தான் வைத்துக்கொள்வார், இலையை வைக்கமாட்டார். "பெரிசு" என்பதற்கு எழுவாய் இலைதான், வெற்றிடத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் இலைதான். ஆனாலும் வெற்றிடத்தை நிரப்பும் உரிமை எழுவாய்க்கு இல்லை, பேசுபொருளுக்குத்தான் உண்டு. பேச்சு எதைப் பற்றித் தொடங்கியதோ அது, அடுத்த பேசுபொருள் வரும் வரைக்கும், சொல்லப்படாமலே தொடர்ந்து வரும்.

இதிலிருந்து விளங்குவது என்னவென்றால், ஒரு சீன வாக்கியத்தை அதற்கு முன்னால் சொல்லப்பட்டவற்றிலிருந்து வெட்டி எடுத்தால், வெற்றிடத்தை எதனால் நிரப்புவது என்பதும் வெட்டுப்பட்டுப் போகும். தமிழில் அப்படி வெட்டினாலும் வினை விகுதி மிஞ்சும். சீனத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அப்படி வெட்டுப்பட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன். நோயாளியை அடையாளம் காணக்கூடிய எதையும் சொல்லப்போவதில்லை.

எழுபது வயதைக் கடந்த ஒரு அம்மா. நள்ளிரவு தாண்டிக் கொண்டுவந்தார்கள். மலசலகூடத்துக்குப் போக எழும்பியபோது கண் இருண்டு விழுந்துவிட்டா. நெற்றியில் காயம். படுத்திருக்கையில் இரத்த அழுத்தம் 128க்கு 70. எழும்பி நிற்கவைத்துப் பார்த்தபோது மேல் எண் 92க்கு இறங்கிவிட்டது. நின்றவுடன் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் நாங்கள் அதைக் கவனிக்கவேண்டும். இங்கே குறைந்தது 36. இப்படி விழுகிற முதியவர்களுக்குக் காரணம் பல இருக்கலாம். உடம்பில் நீர்ச்சத்துக் குறைந்திருக்கலாம், குடலுக்குள் இரத்தம் கசியலாம், இதயத் துடிப்பில் குழப்பம் இருக்கலாம், தொற்று இருக்கலாம், அல்லது மருந்தாக இருக்கலாம். இவவின் பதிவுகளில் கல்சியக் குளிசையைத் தவிர வேறு மருந்து இல்லை.

தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்தோம். அந்த அம்மா "வோ" என்று தன்னை முன்னால் வைத்துத் தொடங்கினா. நான், இன்றிரவு தலை நோ, பயம் வந்தது, அழுத்தம் கூடிவிட்டதோ என்று. அந்த இடத்தில் தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தபோது வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவருக்கு முன்னால் பேசியது ஒன்றும் தெரியாது. நான் விட்ட இடத்திலிருந்து, வீட்டில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னா:

"லாவ்பான் தெ யாவ், ஜின் வான் ச்சி லெ லியாங் பியென்."

சொல்லுக்குச் சொல்: கணவரின் மருந்து, இன்றிரவு, சாப்பிட்டாயிற்று, இரண்டு குளிசை. சீனத்தில் மருந்தையும் "சாப்பிடுவார்கள்", நாங்கள் "போடுவது" போல.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னது: தன்னுடைய கணவர் இன்றிரவு தன் குளிசைகளில் இரண்டு எடுத்தார் என்கிறா.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நின்ற இடத்தைப் பாருங்கள். ஆங்கிலம் எழுவாய் இல்லாத வாக்கியத்தை ஏற்காது. மழை பெய்வதற்குக்கூட ஒரு "இற்" வேண்டும், அந்த "இற்" யார் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும். ஆகவே "எடுத்தது" என்பதற்கு முன்னால் அவர் ஒரு ஆளைப் போட்டே ஆகவேண்டும். அவர் கையில் இருந்த வாக்கியத்தில் ஒரேயொரு மனிதர்தான் இருந்தார், கணவர். கணவரின் மருந்தைக் கணவர் எடுப்பது உலக வழக்கமும்கூட. அந்தக் கதை "வோ" என்று தொடங்கியது என்பதும், நடுவில் ஒரு சொல்லும் அந்த "வோ"வை இறக்கி வைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிய வழியில்லை. தொடர்பு அறுந்தபோது பேசுபொருளும் சேர்ந்து அறுந்துபோனது.

முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒருசேரக் கேட்டவர்கள் அந்த அறையில் இரண்டு பேர்தான், அந்த அம்மாவும் நானும். மருந்து முன்னால் வந்தது நான் மருந்தைக் கேட்டதால். ஆனால் அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த பெரிய பேசுபொருள் மாறவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மந்தரினில் நேரே கேட்டேன்: "ஷெய் ச்சி தெ?" யார் சாப்பிட்டது? அவ சுட்டுவிரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினா. நாங்கள் நெஞ்சைத் தொட்டு "நான்" என்பது போல, சீனர்கள் பலர் மூக்கைக் காட்டுவார்கள்.

கணவரின் மருந்துப் பெட்டியை மகன் கொண்டு வந்தார். பிரசோசின், 2 மில்லிகிராம். இரத்த அழுத்தத்துக்கும், ஆண்களுக்கு வயது போகப் புரொஸ்டேற் சுரப்பி வீங்கிச் சிறுநீர் தடைப்படுவதற்கும் கொடுப்பார்கள். இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு: முதல் தடவை எடுக்கும்போது, நின்றவுடன் இரத்த அழுத்தம் சடாரென்று விழக்கூடும். எடுத்து அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இது நடக்கும். அதனால்தான் புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்கு அரை மில்லிகிராமில் ஆரம்பித்து, முதல் குளிசையைப் படுக்கப் போகும்போது போடச் சொல்லி, இரவில் எழும்பினால் மெதுவாக எழும்பச் சொல்லுவோம். இவ ஒரே தடவையில் 4 மில்லிகிராம் போட்டிருக்கிறா, தொடங்கும் அளவின் எட்டு மடங்கு. போட்டு ஒரு மணித்தியாலத்தில் எழும்பியிருக்கிறா. விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, சேலைன் கொஞ்சம் ஏற்றி, காயத்தைத் தைத்து, தலையில் அடிபட்டதால் ஸ்கான் எடுத்து, காலை வரை கவனித்தோம். விடிந்ததும் நின்றபோதும் அழுத்தம் விழவில்லை. மொழிபெயர்த்த வாக்கியத்தை அப்படியே எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கணவர் மருந்து எடுத்தார் என்பது மனைவியின் பதிவேட்டில் பயனில்லாத ஒரு வரி. இதயத் துடிப்பைப் பதியும் கருவியை ஒரு நாள் பூட்டியிருப்போம், இரத்தப் பரிசோதனைகள் நடந்திருக்கும், எல்லாம் சரியென்று வந்திருக்கும். காரணம் தெரியாத மயக்கம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அடுத்த முறை தலையிடித்தால் அதே பெட்டிதான் அவவுக்குக் கைமருந்து.

சீன மொழி தெளிவில்லாத மொழி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மொழி வெற்றிடத்தை விடுவது, கேட்கிறவர் அதை நிரப்பிவிடுவார் என்று தெரிந்த இடத்தில்தான். ஐயம் வருகிற இடத்தில் "வோ" என்ற சொல்லும் "தா" என்ற சொல்லும் தயாராய் இருக்கின்றன, அவர்களும் தாராளமாய்ப் பாவிக்கிறார்கள். அந்த அம்மாவின் பேச்சு முழுவதையும் கேட்ட ஒரு சீனருக்கு ஐயமே வந்திராது. லீயும் தொம்ப்சனும் போட்ட பிரிப்பைப் பற்றியும் மொழியியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சீனத்தில் எழுவாய் என்று ஒன்றே இல்லை என்பது ரண்டி லபொல்லா போன்றவர்களின் கட்சி. எழுவாய் உண்டு, ஆனால் அடக்கமாய் இருக்கிறது என்பது மற்றவர்களின் கட்சி. ஒரு மொழியை இந்தப் பெட்டி, மற்றதை அந்தப் பெட்டி என்று போடுவதைவிடக் கூடக்குறைய என்று பார்ப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

கூடியதின் எல்லைக்கு ஒரு மொழியைச் சொல்லவேண்டும் என்றால் லிசு. சீனாவின் யுன்னான் பகுதியிலும் பர்மா எல்லையிலும் பேசப்படுவது. "மனிதர், நாய், கடித்தது" என்ற அமைப்பில் ஒரு வாக்கியம். மனிதரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மட்டும் அதில் தெளிவு. நாய் மனிதரைக் கடித்ததா, மனிதர் நாயைக் கடித்தாரா என்பதை வாக்கியத்தின் அமைப்பு சொல்லாது. உலக அனுபவம்தான் சொல்லும். விசர்நாய்க்கடி ஊசி போடுகிற வைத்தியருக்கு நல்ல காலமாக நாய்கள்தான் கடிக்கின்றன.

சரி, எங்கள் தமிழ்? அந்த அம்மா யாழ்ப்பாணத்து அம்மாவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா? "அவற்ரை குளிசை, இண்டைக்கு இரவு ரெண்டு போட்டனான்." பேசுபொருள் முன்னால் வந்துவிட்டது, "நான்" என்ற சொல் இல்லை, எல்லாம் சீன வாக்கியத்தின் அச்சு. ஆனால் கடைசியில் "போட்டனான்" வந்து ஆளைச் சொல்லிவிட்டது. கணவர் என்றால் "போட்டவர்" என்றிருக்கும். எத்தனை துண்டாய் வெட்டினாலும் மொழிபெயர்ப்பாளர் தவறமாட்டார். கொழும்பிலும் கண்டியிலும் வேலை செய்கிற எங்கள் வைத்தியர்களுக்கு இந்த வசதி பேச்சுச் சிங்களத்தில் கிடையாது என்பது தெரிந்திருக்கும். "பெஹெத் பிவ்வா", மருந்து குடித்தாயிற்று. நானோ நீயோ அவரோ, பேச்சுச் சிங்களத்தில் வினை ஒன்றுதான். எழுத்துச் சிங்களம்தான் ஆளுக்கு ஆள் விகுதியை மாற்றும்.

பேசுபொருளை முன்னால் வைப்பதில் எங்கள் பேச்சுத் தமிழும் குறைந்ததில்லை. "மீன் எண்டால் பாரைதான் ருசி." இதில் ருசியாய் இருப்பது பாரை, மீன் வெறும் பேசுபொருள். யப்பானியத்தில் இதே வாக்கியத்தை "மீன் வா, தாய் கா" என்று சொல்லுவார்கள், தாய் என்பது அவர்கள் மெச்சும் ஒரு மீன். எங்கள் "எண்டால்" அவர்களுடைய "வா" செய்யும் வேலையைச் செய்கிறது. பாடசாலையில் எழுவாய், பயனிலை என்று பிரித்துப் படித்த நாங்கள், வீட்டுக்கு வந்து குசினிக்குள் பேசுபொருளும் கூற்றுமாய்ப் பேசினோம். இரண்டும் தமிழ்தான்.

ஆனால் எங்களிடமும் ஒரு ஓட்டை இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து ஊருக்குத் தொலைபேசி எடுக்கிற எல்லோரும் கவனிக்க வேண்டிய ஓட்டை. "அப்பாவின்ரை குளிசை?" என்று அம்மாவிடம் கேட்கிறோம். "போட்டாச்சு" என்று பதில் வருகிறது. "ஆச்சு" வந்த இடத்தில் விகுதி போய்விட்டது. போட்டேன், போட்டார், போட்டாள் ஒன்றும் இல்லை; போட்டாச்சு. வினை முடிந்தது என்பது மட்டும்தான் செய்தி. அப்பா தானே எடுத்துப் போட்டாரா, அம்மா எடுத்துக் கொடுத்தாவா, பார்க்க வருகிற பிள்ளை காலையில் கொடுத்ததை அறியாமல் அம்மா மத்தியானம் திரும்பக் கொடுத்தாவா என்பதை அந்தச் சொல் சொல்லாது. மறதி தொடங்கிவிட்ட ஒருவர் வாயிலிருந்து வரும் "போட்டாச்சு" நேற்றைய "போட்டாச்சு"வாகவும் இருக்கலாம்.

நான் அம்மாவிடம் இப்போதெல்லாம் "போட்டாச்சோ?" என்று கேட்பதில்லை. கேட்டால் "போட்டாச்சு" என்றுதான் வரும்; கேள்வியின் அச்சிலேயே விடையும் வரும். "ஆர் எடுத்துத் தந்தது?" என்று கேட்கிறேன், அதற்குப் பிறகு "பெட்டிக்குள்ள இன்னும் எத்தினை கிடக்கு, எண்ணிச் சொல்லுங்கோ" என்கிறேன். அம்மாவுக்குக் கோபம் வரும். ரீச்சராய் இருந்தவ, அவவிடம் பாடம் கேட்பது பிடிக்காது. கோபத்தோடு போய் எண்ணிக்கொண்டு வந்து சொல்லுவா.